கொடி சுற்றியதுதான் காரணமா?

*டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 27 வயது. கோத்தகிரிப் பக்கம் ஒரு கிராமம், ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. நான்கு மாதத்துக்கு முன், 36-ஆம் வாரத்தில் எங்கள் முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. இரண்டு நாளாக அசைவு குறைவாக இருந்தது. "மாசம் ஏறினா இடம் பத்தாது, அப்படித்தான் இருக்கும்" என்று மாமியார் சொன்னதால் காத்திருந்தேன். பெண் குழந்தை, 1,650 கிராம். கழுத்தில் கொடி ஒரு சுற்று இருந்ததாம், அதுதான் காரணம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். குழந்தையை அறுக்க வேண்டாம் என்று வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். என்னைப் பார்க்க விடவில்லை. என் அம்மா மட்டும் பார்த்தார், தோல் அங்கங்கே உரிந்திருந்தது என்றார். ஏழாம் மாதம் மேட்டுப்பாளையத்துக்கு பஸ்ஸில் போனதையும், கிரகணத்தன்று நான் காய் நறுக்கியதையும் இன்றும் சொல்லிக்காட்டுகிறார்கள். போன மாதம் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கி வரச் சொல்லி போன் வந்தது. என் தப்பா டாக்டர்? இனிமேல் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? அடுத்த குழந்தைக்கும் இப்படி ஆகுமா? கர்ப்பகால அட்டையின் படங்களை அனுப்பியிருக்கிறேன்.*

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் அட்டையின் படங்களை இரண்டு இரவு வைத்துப் பார்த்தேன். நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் முடிந்தவரை நேராகப் பதில் சொல்கிறேன். முதலில் அந்தக் கொடியைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் வீட்டில் எல்லோரும் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிட்டீர்கள்.

கொடி மாலை சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். மாமன் எண்ணெயில் முகம் பார்த்த பிறகுதான் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று சடங்கு செய்கிற வீடுகளும் உண்டு. இப்படி ஒரு நம்பிக்கையும் சடங்கும் ஏன் வந்தன என்று யோசித்துப் பாருங்கள். கொடி சுற்றிய குழந்தைகள் உயிரோடு, நல்லபடியாக, ஏராளமாகப் பிறந்துகொண்டிருப்பதால்தானே! மருத்துவக் கணக்கும் அதையே சொல்கிறது. பிறக்கிற குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும். கொடியின் மேல் ஜெல்லி போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. லேசான இழுப்பும் அழுத்தமும் உள்ளே இருக்கும் இரத்தக்குழாய்களை நசுக்காமல் அது காக்கிறது.

கொடியால் குழந்தை இறப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. இறப்பது உண்டு. ஆனால் அப்படிச் சொல்வதற்குத் தடயம் வேண்டும். கொடி இறுகிய இடத்தில் பள்ளம் விழுந்திருக்க வேண்டும், அதற்கு ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் வெளுத்திருக்க வேண்டும், அல்லது நஞ்சுக்கொடியின் இரத்தக்குழாய்களில் கட்டி உறைந்திருக்க வேண்டும். அதோடு வேறு காரணம் ஏதும் இல்லை என்பதையும் பார்த்திருக்க வேண்டும். உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் "கழுத்தைச் சுற்றி ஒரு சுற்று, தளர்வாக" என்று எழுதியிருக்கிறது. தளர்வாக இருந்த ஒரு சுற்றைக் காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் அட்டை சொல்வது

குழந்தையைப் பரிசோதிக்கவில்லை, நஞ்சுக்கொடியும் போய்விட்டது. ஆனாலும் கையில் ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள்.

11-ஆம் வாரத்தில் நீங்கள் எடுத்த ஸ்கேன் மிகவும் பயன்படுகிறது. வாரக் கணக்கு சரி என்பதற்கு அது உறுதி. ஆகவே குழந்தை 36 வாரக் குழந்தைதான், தேதி தப்பிப்போய் சின்னதாகத் தெரியவில்லை. 36 வாரத்தில் நம் ஊர்க் குழந்தை சராசரியாக இரண்டரை கிலோவை ஒட்டி இருக்கும். அந்த வயதுள்ள 100 குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால், 1,650 கிராம் கடைசி இரண்டு மூன்று பேருக்குள் வரும். இறந்து ஓரிரு நாள் உள்ளே இருந்தால் எடை கொஞ்சம் குறையும். தோல் உரிந்திருந்தது என்று உங்கள் அம்மா சொன்னதால், பிறப்பதற்குப் பல மணி நேரம் முன்பே, அநேகமாக ஒரு நாளுக்கு முன்பே, உயிர் போயிருக்க வேண்டும். ஆனால் அதனால் மட்டும் இவ்வளவு எடை குறையாது.

மலை உயரமும் காரணமோ என்று சிலர் நினைப்பார்கள். உயரமான இடங்களில் பிறக்கும் குழந்தைகள் கொஞ்சம் சிறிதாக இருப்பது உண்மைதான். அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் பார்த்த ஆய்வில் 1,000 மீட்டர் ஏற ஏற எடை சுமார் 100 கிராம் குறைந்தது. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டாலும் 200 கிராமுக்குள்தான் வரும்.

இப்போது அட்டையின் நடுப் பக்கத்தைப் பாருங்கள். கர்ப்பப்பையின் உயரத்தை டேப் வைத்து அளந்து எழுதியிருக்கிறார்கள். 24 வாரத்துக்கு மேல் அந்த அளவு சென்டிமீட்டரில் ஏறக்குறைய வார எண்ணை ஒட்டியே வரும், இரண்டு மூன்று கூடக் குறைய இருக்கலாம். உங்களுக்கு 28-ஆம் வாரம் 26. 32-ஆம் வாரம் 28. 35-ஆம் வாரம் 29. தனித்தனியாகப் பார்த்தால் முதல் எண் யாரையும் பயமுறுத்தாது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஏழு வாரத்தில் மூன்று சென்டிமீட்டர்தான் ஏறியிருக்கிறது. இரத்த அழுத்தமும் 110/70-இல் தொடங்கி கடைசி முறை 134/86-க்கு வந்திருக்கிறது. 140/90-ஐத் தொடாததால் யாரும் கவனிக்கவில்லை. 20-ஆம் வாரத்துக்குப் பிறகு ஸ்கேனும் எடுக்கவில்லை.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது என் கணிப்பு இது: நஞ்சுக்கொடி கடைசி இரண்டு மூன்று மாதங்களில் குழந்தைக்குப் போதுமான ஆக்ஸிஜனையும் உணவையும் கொடுக்க முடியாமல் திணறியிருக்கிறது. அதனால் வளர்ச்சி தேங்கி, சக்தியை மிச்சப்படுத்த அசைவைக் குறைத்து, கடைசியில் குழந்தை தாங்கவில்லை. நஞ்சுக்கொடியைப் பார்க்காமல் இதை நிரூபிக்க முடியாது. ஆனால் தளர்வான ஒரு சுற்றுக் கொடியைவிட இது பல மடங்கு பொருந்துகிறது.

உங்கள் தப்பா?

பஸ் பயணத்தாலோ கொண்டை ஊசி வளைவுகளாலோ நஞ்சுக்கொடியின் வேலை கெடாது. விபத்தில் வயிற்றில் பலமாக அடிபட்டால்தான் பேச்சே. நீங்கள் போனது ஏழாம் மாதம், குழந்தை அதன் பிறகும் வாரக்கணக்கில் அசைந்துகொண்டிருந்தது. கிரகணத்தன்று காய் நறுக்கியதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அந்த இரண்டு நாளைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மாசம் ஏறினால் இடம் பத்தாமல் அசைவு குறையும் என்பது தவறு. அசைவின் விதம் மாறலாம், உதைப்பதைவிட உருள்வது அதிகமாகத் தெரியலாம். ஆனால் பிரசவம் வரை அசைவு குறையக் கூடாது. உங்கள் மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கு அவர் மாமியார் சொன்னதைச் சொல்லியிருப்பார். இனி அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொல்லாமல் இருந்தால் போதும்.

முதல் நாளே போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று நீங்கள் இரவெல்லாம் கணக்குப் போடுவீர்கள் என்று தெரியும். பிழைத்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கர்ப்பிணிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அசைவைப் பற்றித் தனியாகச் சொல்லிக்கொடுத்து, உடனே வரவைத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்தது. 2018-இல் முடிவு வந்தது. இறந்து பிறப்பது குறிப்பிட்ட அளவுக்குக் குறையவில்லை. அசைவு குறைந்தால் உடனே வர வேண்டும் என்றுதான் நான் இன்றும் சொல்வேன், சில குழந்தைகளை அது காப்பாற்றுகிறது. ஆனால் ஏழு வாரமாக நடந்துகொண்டிருந்த ஒன்றை, அளந்து எழுதியவர்களே கவனிக்காத ஒன்றை, நீங்கள் தனியாகக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை.

அன்று செய்திருக்கக்கூடியது, இன்று செய்யக்கூடியது

"அறுப்பது" என்றதும் நம் வீடுகளில் போலீஸ் கேஸ் போஸ்ட்மார்ட்டம்தான் கண்ணுக்கு வருகிறது. இது அதுவல்ல. பெற்றோர் சம்மதித்தால் மட்டும், காரணம் அறிய மட்டும் செய்வது. முழுதும் வேண்டாம் என்றால் வெளிப்புறம் மட்டும் பார்த்து, எடை நீளம் அளந்து, போட்டோவும் எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லலாம். சம்மதம் கேட்கிறவர் இந்தப் படிகளை எல்லாம் தாயிடமே சொல்ல வேண்டும். மாமனாரிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவதைச் சம்மதம் என்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு அதைவிட மனசு ஆறாதது நஞ்சுக்கொடி குப்பைக்குப் போனதுதான். 512 இறந்த பிறப்புகளை வைத்து அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில், நூற்றுக்கு 65 பேருக்கு உதவியது நஞ்சுக்கொடிப் பரிசோதனை. குழந்தையின் பிரேதப் பரிசோதனை உதவியது 42 பேருக்கு. நஞ்சுக்கொடியைப் பரிசோதிக்க யாருடைய மனமும் நோகாது, குழந்தையைத் தொட வேண்டியதும் இல்லை. மலையில் அதைப் பார்க்கத் தெரிந்த பேதாலஜி டாக்டர் பக்கத்தில் இல்லை என்பதும் காரணமாகாது. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் ஃபார்மலின் ஊற்றி, பெயர் ஒட்டி அனுப்பினால் கோவைக்குப் போய்ச் சேரும். ஃபார்மலின் கிடைக்கும் வரை ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. இதைப் படிக்கும் செவிலியர் யாராவது இருந்தால் இந்த வாளியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இன்று நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, மருத்துவமனையில் எழுத்தில் கேட்டு முழு ரெக்கார்டையும் வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதி. நஞ்சுக்கொடியில் ஒரு துண்டாவது எடுத்து வைத்தார்களா என்றும் கேளுங்கள், சில இடங்களில் வீட்டாருக்குத் தெரியாமலே லேபுக்குப் போயிருக்கும்.

இரண்டாவது இரத்தப் பரிசோதனை. உங்கள் விஷயத்தில் நான் முதலில் கேட்பது ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி. உடம்பே தன் இரத்தத்தை உறைய வைக்கும் பொருளை உண்டாக்கி, நஞ்சுக்கொடியின் குழாய்களை அடைக்கிற நோய் அது. இதில் மூன்று வகை சோதனை உண்டு. ஒன்று பாசிட்டிவ் என்று வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி செய்து பார்க்காமல் நோய் என்று முடிவு கட்டக் கூடாது, சளிக் காய்ச்சலுக்குப் பிறகுகூட அது சில நாள் தலைகாட்டும். இதைக் கேட்பதற்குக் காரணம், நோய் இருந்தால் அடுத்த முறை ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்து நிலைமையை மாற்ற முடியும் என்பதுதான். இதோடு சர்க்கரை, தைராய்டு, இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். இரத்த வகையும் விடிஆர்எல்லும் அட்டையிலேயே இருக்கின்றன, இரண்டும் சரி.

"டார்ச்" என்று ஒரு தொகுப்புச் சோதனையை எழுதித் தருவார்கள், காசும் அதிகம். எப்போதோ வந்துபோன கிருமிகளின் சுவடு நம்மில் பெரும்பாலோருக்கு இருக்கும், அதைப் பார்த்துப் பயந்து மருந்து சாப்பிட்டவர்கள் பலர். உங்களுக்கு அது வேண்டாம்.

எல்லாச் சோதனையும் முறையாகச் செய்தாலும் நான்கில் ஒரு குடும்பத்துக்குக் காரணம் தெரியாமலே போகிறது. உங்கள் சோதனைகள் எல்லாம் நார்மல் என்று வந்தால் எதுவும் தெரியவில்லை என்று ஆகாது. மறுபடி வரக்கூடிய ஒரு நோய் இல்லை என்று தெரிந்ததாக அர்த்தம்.

பார்க்காத முகம்

பல வருஷங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு தாய், இரண்டாவது கர்ப்பத்தின் பாதியில் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. முதல் குழந்தை இறந்து பிறந்தபோது அவரையும் பார்க்க விடவில்லை. "அதுக்கு தலையில முடி இருந்துச்சா டாக்டர்?" என்றார். பிரசவக் குறிப்பைப் புரட்டினேன். எடை இருந்தது, நேரம் இருந்தது. முடியைப் பற்றி யாரும் எழுதியிருக்கவில்லை. அன்றிலிருந்து நான் பார்த்த பிரசவங்களில் அதையும் எழுதச் சொன்னேன்.

பார்த்தால் மனசு உடைந்துவிடும் என்று பயந்துதான் வீட்டார் மறைக்கிறார்கள். பார்க்க வேண்டும் என்று யாரையும் வற்புறுத்தக் கூடாது. ஆனால் கேட்க வேண்டும், ஒருமுறை மறுத்தால் சில மணி நேரம் கழித்து மறுபடி கேட்க வேண்டும். தோல் உரிந்திருந்தால் எப்படித் தெரியும் என்பதை முன்கூட்டிச் சொல்லி, துணியில் சுற்றி, முகமும் கையும் தெரியும்படி கொடுக்கலாம். உங்களுக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் உங்கள் அம்மா பார்த்திருக்கிறார். அவரிடம் கேளுங்கள். உங்களுக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாரே தவிர, அவரும் சொல்லத் துடித்துக்கொண்டிருக்கலாம். எங்கே புதைத்தார்கள் என்பதைக் கணவரிடம் கேளுங்கள். தூக்கிப் போனது அவராகத்தான் இருக்கும், அவரிடம் அதைப் பற்றி இதுவரை யாரும் பேசியிருக்கவும் மாட்டார்கள்.

அந்தத் தடுப்பூசி போன் இனி வரக் கூடாது. 28 வாரத்துக்கு மேல் இறந்து பிறந்தால் அதைப் பிறப்பு இறப்புச் சட்டப்படி "இறந்த பிறப்பு" என்று தனியாகப் பதிய வேண்டும். பதிவாகியிருக்கிறதா என்று கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் பிக்மி எண்ணைக் கொடுத்து, அதிலும் திருத்தச் சொல்லுங்கள். இதை உங்களை அனுப்பிச் செய்யாமல் வேறு யாராவது செய்வது நல்லது.

நான்கு மாதத்தில் அழுகை வருவது நோய் அல்ல. ஆனால் நல்ல நாள் ஒன்றுகூட இல்லாமல், சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் அற்றுப்போய், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் அதைத் துக்கம் என்று பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

அடுத்த முறை

இறந்து பிறந்த குழந்தைக்குப் பிறகு மறுபடியும் அப்படியே நடப்பது, பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 1,000-க்கு சுமார் 25. முதல் குழந்தை உயிரோடு பிறந்தவர்களுக்கு 1,000-க்கு 4. ஆறு மடங்கு என்று கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் 1,000-இல் 975 பேருக்கு அது மறுபடி நடக்கவில்லை என்பதும் அதே கணக்குத்தான். நம் நாட்டு எண்கள் கொஞ்சம் மாறலாம்.

எத்தனை மாதம் இடைவெளி என்பதில் கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு வருஷத்துக்குள் கருவுற்றவர்களுக்கு ஆபத்து கூடவில்லை என்று மூன்று நாடுகளின் பதிவேடுகளைப் பார்த்த ஆய்வு சொல்கிறது. ஆன்டிபாடி சோதனை முடியட்டும், 9.8 இருந்த ஹீமோகுளோபின் 12-க்கு ஏறட்டும். உங்கள் மனசு தயாரா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், மாமியார் அல்ல.

கருவுற்றதும் 12 வாரத்துக்குள் வந்துவிடுங்கள். நஞ்சுக்கொடியின் வேர் ஊன்றும் காலத்தில் தொடங்கினால்தான் சிறு அளவு ஆஸ்பிரின் பயன்படும், 16 வாரத்தைத் தாண்டி வந்தால் பலன் குறைவு. மருந்தை டாக்டர் எழுதித்தான் எடுக்க வேண்டும். 28 வாரத்திலிருந்து மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வளர்ச்சி ஸ்கேனும், கொடியின் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளரும் வேண்டும். டேப் அளவை மட்டும் நம்பக் கூடாது. ஸ்கேன் எண்களை ஒரே தாளில் வரிசையாக எழுதி வாங்குங்கள். தனி எண் ஏமாற்றும் என்பதை உங்கள் அட்டையே காட்டிவிட்டது. 28 வாரத்துக்கு மேல் மல்லாந்து தூங்காமல் ஒருக்களித்துத் தூங்குங்கள்.

அசைவு குறைந்ததாகத் தோன்றினால் இனிப்பைச் சாப்பிட்டுக் காத்திருக்காதீர்கள், அன்றே கிளம்புங்கள். போனதும் ஒன்றுமில்லை என்று அனுப்பினால் சந்தோஷம், மறுநாள் மறுபடி தோன்றினால் மறுபடி போங்கள். வீட்டில் வைத்துக் கேட்கும் சிறு டாப்ளர் கருவியை வாங்க வேண்டாம். திணறும் குழந்தையின் இதயமும் அதில் டக்டக்கென்றுதான் கேட்கும். உங்கள் ஊரிலிருந்து இரவில் வண்டி கிடைக்காது என்றால் 36 வாரத்துக்குப் பிறகு மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்க ஏற்பாடு செய்யுங்கள். மலைப் பகுதியில் சில சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை இருக்கிறது, செவிலியரிடம் கேளுங்கள். பிரசவத்தை எந்த வாரத்தில் வைப்பது என்பதை ஸ்கேன் பார்த்து முடிவு செய்யலாம். எல்லாம் நன்றாக இருந்தால் 39-ஐ ஒட்டி. முன்பு குழந்தை போன வாரத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள் என்று பலர் கெஞ்சுவார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் காரணமில்லாமல் சீக்கிரம் எடுத்தால் குழந்தையின் நுரையீரல்தான் கஷ்டப்படும்.

குளிருக்குக் கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தும் பழக்கம் உங்கள் வீட்டில் உண்டா என்று தெரியாது. இருந்தால் நிறுத்திவிடுங்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தாயின் இரத்தத்தைவிடக் குழந்தையின் இரத்தத்தில் அது அதிகமாகத் தங்கும்.

அடுத்த முறை அட்டை போடும்போது "முதல் குழந்தையா?" என்று செவிலியர் கேட்பார். நிறைய பேர் அந்த இடத்தில் தலையாட்டிவிட்டுப் பிறகு அழுவார்கள். "இரண்டாவது. முதலாவது பெண், 36 வாரம், 1,650 கிராம்" என்று சொல்லி, அதையே எழுதச் சொல்லுங்கள். பழைய அட்டையையும் கூடவே எடுத்துப் போங்கள். உங்களை அடுத்து பார்க்கும் டாக்டர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.